வெங்காயம், பூண்டு நிறுத்தியாச்சு, வயிறு இன்னும் உப்புகிறது. ஃபோட்மேப் சோதனையை நம் சமையலில் எப்படிச் செய்வது?

தேவி_சிப்புட் · 3 ஜூன், இரவு 9.15

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறேன், வயது 38. இரண்டு வருடமாக வயிற்று உப்புசம். காலையில் எழும்போது வயிறு தட்டையாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊத ஆரம்பித்து, வேலை முடிந்து கிளம்பும்போது ஐந்து மாதக் கர்ப்பிணி போல ஆகிவிடுகிறது. பாவாடை நாடாவைத் தளர்த்தாமல் உட்கார முடியாது.

அரசாங்க கிளினிக்கில் இரத்தம், மலம் எல்லாம் பார்த்தார்கள். ஈப்போவில் ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, சினைப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, குடல் எரிச்சல் நோய்தான் என்று சொல்லி, ஃபோட்மேப் குறைந்த உணவு என்று ஒரு தாள் கொடுத்தார்கள். தாளில் இருப்பதெல்லாம் கீன்வா, ஸ்ட்ராபெரி, ஏதேதோ சீஸ். டயட்டீஷியனைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்த வரை வெங்காயம், பூண்டு கூடாது. அதனால் இரண்டு வாரமாக அத்தை குழம்பு வைத்ததும் என் தட்டில் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் போடுகிறார். ஒரு மாற்றமும் இல்லை. இது எனக்கு வேலை செய்யாது என்று விட்டுவிடலாமா?

செம்பனைக்காரர் · 3 ஜூன், இரவு 10.02

தங்கச்சி, மாவுச்சத்து குறைக்கும் டயட்தானே இது. நானும் செய்கிறேன், எனக்குச் சர்க்கரை. சோற்றை விட்டுவிட்டு இரண்டு வேளை சப்பாத்தியும் பருப்பும் சாப்பிடுங்கள், பழம் நிறைய எடுங்கள். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் கேஸ் இருக்கிறது, முன்பைவிட அதிகம்.

குமரன்_கேஎல் · 4 ஜூன், காலை 7.30

அண்ணே, அவங்க கேட்பது வேறு. அக்கா, பிரச்சினை கோதுமை. அதில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் குடலைப் புண்ணாக்குகிறது. நான் ரொட்டி சானாய், மீ எல்லாம் நிறுத்திய நான்காம் நாளே வயிறு இறங்கிவிட்டது. பேரங்காடியில் குளூட்டன் இல்லாத ரொட்டி கிடைக்கிறது, விலைதான் கூட. கோதுமையை மட்டும் நிறுத்திப் பாருங்கள், பூண்டு, வெங்காயம் எல்லாம் சாப்பிடலாம்.

சரோஜா_தைப்பிங் · 4 ஜூன், மதியம் 1.20

தேவி, விட்டுவிடாதீர்கள். நீங்கள் இன்னும் சோதனையைத் தொடங்கவே இல்லை. நான் 26 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ் வீடுகளில் இந்தச் சோதனை கவிழ்வது பெரும்பாலும் நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான்.

ஃபோட்மேப் என்பது குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கும் சில சர்க்கரைகளின் கூட்டுப் பெயர். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது அதில் ஒன்று, ஃப்ரக்டான் என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. அது தண்ணீரில் கரையும். குழம்பு அரைமணி நேரம் கொதித்தால் வெங்காயத்தில் இருந்ததில் பெரும்பகுதி சாற்றில் இறங்கிவிடும். அப்புறம் துண்டுகளை எடுத்துப் பயன் இல்லை, சக்கையைத் தூரப் போட்டுவிட்டு மருந்தைக் குடித்த மாதிரி. எண்ணெயில் மட்டும் அது கரையாது. அதனால் பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, தண்ணீரோ தக்காளியோ சேருவதற்கு முன் எடுத்துவிட்டால், வாசம் எண்ணெயில் நிற்கும், ஃப்ரக்டான் பூண்டோடு போய்விடும்.

மனிதக் குடலில் ஃப்ரக்டானை உடைக்க நொதியே கிடையாது. யாருக்கும் கிடையாது, அதனால் உங்கள் குடல் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் புளிக்கிறது, காற்று வருகிறது. அதே அளவு காற்று உங்கள் வீட்டுக்காரர் வயிற்றிலும் இருக்கலாம், அவருக்குத் தெரியாது. உங்கள் குடல் நரம்புகளுக்குத் தெரிகிறது. பருப்பில் இருப்பது இன்னொரு வகை, அதற்கும் நம்மிடம் நொதி இல்லை. பாலின் லாக்டோஸ், தேனிலும் மாம்பழத்திலும் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ், சீனி இல்லாத சூயிங்கத்தில் போடும் சோர்பிட்டால் இவையெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் குடல் உறிஞ்சிவிடும். உறிஞ்சாதவருக்குச் சிறுகுடலில் தண்ணீரை இழுக்கும்.

செம்பனைக்காரர் அண்ணே, இது மாவுச்சத்தைக் குறைக்கும் டயட் இல்லை. சோறு இதில் தாராளமாகச் சாப்பிடலாம். உண்மையில் நீங்கள் சோற்றை விட்டுக் கோதுமைக்கும் பருப்புக்கும் பழத்துக்கும் மாறினீர்களே, அதனாலேயே கேஸ் கூடியிருக்கலாம்.

குமரன் தம்பி, கோதுமை என்பது சரி, குளூட்டன் என்பதுதான் உறுதியில்லை. கோதுமையிலும் ஃப்ரக்டான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். தேவி, கோதுமையைக் குறைக்குமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் இரத்தப் பரிசோதனையில், குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்த்தார்களா? கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் இருப்பதும் இல்லை என்று வரலாம்.

இப்போது முதல் கட்டம். குறைந்தது இரண்டு வாரம், அதிகபட்சம் ஆறு. நம் கடைத்தெருவில் கிடைப்பதை வைத்தே செய்யலாம். சோறு, மீஹூன், கோய்த்தியாவ் மூன்றும் அரிசி, பயமில்லை. மஞ்சள் மீ கோதுமை, வேண்டாம். மீன், கோழி, முட்டை, நெத்திலி தாராளம். தெம்பே நல்லது, கெட்டித் தௌஃபுவும் சரி. புளிக்கும்போதும் பிழியும்போதும் சோயாவின் கேஸ் சர்க்கரை பெருமளவு போய்விடுகிறது. காய்க்கு வெண்டை, கத்தரி, காரட், வெள்ளரி, சாவி கீரை. பழத்துக்கு பப்பாளி, அன்னாசி, அதிகம் பழுக்காத வாழை. கனிந்து புள்ளி விழுந்த வாழைப்பழம் கணக்கில் மாறிவிடும், அதில் ஃப்ரக்டான் ஏறும். தேங்காய்ப்பால் ஒரு வேளைக்குக் கால் கப்போடு நிறுத்துங்கள்.

வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும். பூண்டு வாசத்துக்குக் குச்சாய். பெருங்காயம் ஒரு சிட்டிகை. இஞ்சி, மஞ்சள், மிளகாய், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் சரி. கறித்தூளும் சரிதான், ஆனால் ரெடிமேட் குழம்பு விழுது, சூப் கியூப் வாங்கினால் பின்பக்கத்தில் பாவாங் என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அத்தையிடம் இரண்டு சட்டி வைக்கச் சொல்ல வேண்டாம். முதலில் வெங்காயம் இல்லாமல் குழம்பைக் கூட்டி உங்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வீட்டுக்காக வெங்காயத்தை வதக்கிக் கொட்டச் சொல்லுங்கள். தினமும் இரவு வயிறு எப்படி என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதுங்கள். மலம் எப்படிப் போனது, தூக்கம், மாதவிடாய் இவற்றையும் எழுதுங்கள். பின்னால் அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்களுக்குச் சாட்சி.

லெட்சுமி_கோலகங்சார் · 4 ஜூன், மாலை 6.45

அக்கா சொன்ன பூண்டு எண்ணெய் நான் எப்போதும் செய்வேன். ஒரு கிலோ பூண்டை எண்ணெயில் போட்டுப் போத்தலில் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன், இரண்டு மாதம் வரும்.

சரோஜா_தைப்பிங் · 4 ஜூன், இரவு 8.10

லெட்சுமி, தயவுசெய்து அந்தப் போத்தலைக் கொட்டிவிடுங்கள். பூண்டு மண்ணில் விளைவது. அதோடு வரும் போட்டுலிசம் கிருமி எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத இடத்தில், நம் ஊர் வெக்கையில் விஷம் உண்டாக்கும். வாசமும் மாறாது, நிறமும் மாறாது. அன்றன்றைக்குத் தேவையான எண்ணெயை அன்றே செய்யுங்கள். மிஞ்சினால் பூண்டை எடுத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள்.

செம்பனைக்காரர் · 4 ஜூன், இரவு 9.00

நான் மெட்ஃபார்மின் போடுகிறேன். என் கேஸுக்கு அதுவும் காரணமா?

சரோஜா_தைப்பிங் · 4 ஜூன், இரவு 9.25

இருக்கலாம் அண்ணே. மாத்திரை தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த ஃபோட்மேப் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

தேவி_சிப்புட் · 27 ஜூன், இரவு 9.50

மூன்று வாரம் முடிந்தது. சீலியாக் பரிசோதனை முன்பே எடுத்திருக்கிறார்கள், இல்லை என்று வந்திருக்கிறது.

முதல் வாரம் 7, 6, 7 என்றே இருந்தது. அழுகையே வந்துவிட்டது. அப்புறம் நோட்டைப் பார்த்தபோது ஆபீஸ் நாட்களில் 6, 7, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 3. ஆபீசில் என்ன சாப்பிடுகிறேன் என்று யோசித்தேன். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் மேசை அலமாரியில் சீனி இல்லாத சூயிங்கம் இருக்கிறது, நாளைக்கு ஆறு ஏழு மெல்லுவேன். வாயில் போடுவதெல்லாம் சாப்பாடு என்று மனதில் படவே இல்லை. நிறுத்தினேன். இரண்டாம் வாரத்திலிருந்து 3, 2, 2. ஒரே ஒரு நாள் 6. அன்று காலையில் நாசி லெமாக் வாங்கிச் சம்பாலை ஓரமாக ஒதுக்கிவைத்தேன், ஆனால் சோற்றில் ஊறியிருந்தது.

இப்போது நிம்மதியாக இருக்கிறேன் அக்கா. இப்படியே இருந்துவிடலாமே. எதற்குத் திரும்ப வம்பு?

லெட்சுமி_கோலகங்சார் · 27 ஜூன், இரவு 10.15

இப்படியே இருங்கள் தேவி. நான் பருப்பும் பாலும் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. பழகிவிட்டது. ஆனால் இப்போது முன்பு ஒத்துக்கொண்டதும் ஒத்துக்கொள்ளவில்லை, பப்பாளி கூட.

சரோஜா_தைப்பிங் · 28 ஜூன், காலை 11.00

லெட்சுமி, நீங்கள் கடைசி வரியில் சொன்னதற்காகத்தான் இப்படியே இருக்கக் கூடாது. அந்தச் சர்க்கரைகளைத் தின்று வாழும் நல்ல கிருமிகள் குடலில் இருக்கின்றன. பல வாரம் பட்டினி போட்டால் அவை குறைகின்றன. பருப்பும் பாலும் போனால் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போகின்றன. அதோடு, ஒதுக்கும் பட்டியல் நீள நீள மனம் ஒவ்வொரு உணவையும் பயத்தோடு பார்க்க ஆரம்பிக்கும். பயத்தோடு சாப்பிட்டாலே சிலருக்கு வயிறு உப்பும். உங்கள் எடை குறைந்திருந்தால் டயட்டீஷியனை நேரில் பாருங்கள்.

தேவி, முதல் கட்டம் உங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: இந்தக் கூட்டத்தில் யாரோ குற்றவாளி இருக்கிறார். யார் என்று இன்னும் தெரியாது. சூயிங்கம் மட்டுமே கூட முக்கால் பங்கு காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் ஆறேழு பேரை ஒன்றாக வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இனி ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

செய்யும் முறை இது. ஒரு வகைக்கு ஒரே ஒரு உணவு. மூன்று நாள், ஏறும் அளவில். பாலென்றால் முதல் நாள் கால் கப், இரண்டாம் நாள் அரை கப், மூன்றாம் நாள் ஒரு கப். மற்ற சாப்பாடெல்லாம் இப்போது இருப்பது போலவே. ஒரு நாள் எண் நன்றாக ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த அளவுக்குப் போகாதீர்கள். பிறகு வயிறு அடங்கி இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்த பின்தான் அடுத்த உணவு. நேற்றைய காற்று இன்னும் உள்ளே இருக்கும்போது இன்றைய சோதனையைத் தொடங்கினால் யார் தலையில் பழி விழும் என்று சொல்ல முடியாது.

பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பால் ஒத்துக்கொண்டது என்று தெரிந்ததும் மறுநாளிலிருந்தே தே தாரிக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் பருப்பைச் சோதிக்கும்போது பாலும் பருப்பும் கூட்டாகச் சேர்ந்து உப்பும், பருப்பு மாட்டிக்கொள்ளும். தேறிய உணவானாலும் எல்லாம் முடியும் வரை வெளியில்தான் நிற்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: பால், தேன், சர்க்கரைவள்ளி, பருப்பு, ரொட்டி, பூண்டு, வெங்காயம். தேன் ஒரு தேக்கரண்டி, இரண்டு, மூன்று. சர்க்கரைவள்ளி அவித்தது அரை கப்பிலிருந்து. துவரம்பருப்பு வெந்தது கால் கப், அரை கப், முக்கால் கப். ரொட்டி வெறும் வெள்ளை ரொட்டி ஒரு துண்டு, இரண்டு, மூன்று. ரொட்டி சானாயை வைத்துச் சோதிக்காதீர்கள், மாவில் இனிப்புப் பால் சேர்ப்பார்கள், தொட்டுக்கொள்வது பருப்பு. மூன்று பேரை ஒரே கயிற்றில் கட்டின மாதிரி ஆகும். பூண்டு கால் பல், அரைப் பல், ஒரு பல். வெங்காயம் நறுக்கியது ஒரு மேசைக்கரண்டியிலிருந்து. மூன்றிலும் ஃப்ரக்டான்தானே, ஏன் தனித்தனி என்று கேட்பீர்கள். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் அளவு வேறு, சங்கிலியின் நீளம் வேறு. ரொட்டி ஒத்துக்கொண்டு வெங்காயம் ஒத்துக்கொள்ளாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேவி_சிப்புட் · 23 ஜூலை, இரவு 8.40

நான்கு முடிந்தது. பால் ஒரு கப் குடித்தும் எண் 2க்கு மேல் போகவில்லை! இரண்டு மாதம் வீணாகத் தே ஓ குடித்திருக்கிறேன். தேன் ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரைவள்ளி அரை கப் சரி, ஒரு கப் சாப்பிட்ட அன்று மலம் கொஞ்சம் இளகியது, வயிறு 3. பருப்பு கால் கப் 2, அரை கப் சாயங்காலத்துக்குள் 5. நிறுத்திவிட்டேன். அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை, சாம்பார் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

சரோஜா_தைப்பிங் · 23 ஜூலை, இரவு 9.30

கால் கப் ஒத்துக்கொள்கிறதே, அது சாம்பாருக்குப் போதும். பருப்பை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், முதல் கொதித் தண்ணீரையும் கொட்டுங்கள். அந்தச் சர்க்கரையும் தண்ணீரில் கரைவதுதான், ஒரு பங்கு அதோடு போய்விடும். டின் கொண்டைக்கடலையைக் கழுவினால் கேஸ் குறைவதும் இதனால்தான்.

குமரன்_கேஎல் · 24 ஜூலை, காலை 7.10

அக்கா, குளூட்டன் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே. எனக்குக் கோதுமை நிறுத்தியதும் நின்றது, அது உண்மை.

சரோஜா_தைப்பிங் · 24 ஜூலை, மதியம் 12.50

உண்மைதான் தம்பி. நிறுத்தியபோது குளூட்டனும் போனது, ஃப்ரக்டானும் போனது. எது காரணம் என்று அதில் தெரியாது. ஃபோட்மேப் முறை மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அவர்களும் நார்வேக்காரர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு 2018இல் வந்தது. சீலியாக் இல்லாமல், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாக நிறுத்தியிருந்த 59 பேர். ஒரு வாரம் குளூட்டன் வைத்த பார், ஒரு வாரம் ஃப்ரக்டான் வைத்த பார், ஒரு வாரம் இரண்டும் இல்லாத பார். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் வயிற்றுத் தொல்லை கூடியது ஃப்ரக்டான் வாரத்தில். குளூட்டன் வாரத்துக்கும் வெறும் பாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் சீலியாக் பரிசோதனை எடுக்கவில்லை என்றால், குளூட்டன் இல்லாத ரொட்டிக்குக் காசு கொடுக்குமுன் அதை டாக்டரிடம் பேசுங்கள்.

குமரன்_கேஎல் · 24 ஜூலை, மதியம் 1.15

அதற்காக மறுபடியும் பல வாரம் கோதுமை சாப்பிடணும் என்பார்களே. அதுதான் யோசனையாக இருக்கிறது.

தேவி_சிப்புட் · 17 ஆகஸ்ட், இரவு 10.05

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர.

ரொட்டி ஒரு துண்டு 1, இரண்டு துண்டு 3, மூன்று துண்டு 4. வெங்காயத்துக்கு மூன்று நாள் தேவைப்படவே இல்லை. ஒரு மேசைக்கரண்டி, மதியம் சோற்றோடு, வேறு எதையும் மாற்றவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எண் 7, முதுகு வரை இழுத்தது, மறுநாள் மதியம்தான் அடங்கியது. அது எனக்குச் சந்தேகமே இல்லை.

பூண்டுதான் புரியவில்லை. கால் பல் 2. அரைப் பல் சாப்பிட்ட அன்று 6. ஆனால் அன்றே மாதவிடாய் தொடங்கியது, அதற்கு முந்தைய இரண்டு நாள் மலமும் போகவில்லை. அடங்கியதும் திரும்பச் செய்தேன். அரைப் பல் 2, ஒரு பல் 4. முதல் தடவை பூண்டா, மாதவிடாயா?

சரோஜா_தைப்பிங் · 18 ஆகஸ்ட், காலை 10.30

மாதவிடாய் தொடங்கும் நாட்களில் எதையும் சோதிக்கக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. மலம் இரண்டு நாள் தங்கியிருந்தால் எந்தச் சர்க்கரையும் இல்லாமலே வயிறு ஊதும். அந்த 6ஐ அடித்துவிடுங்கள். அரைப் பல் வரை சரி, ஒரு பல் எல்லைக்கோடு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு தடவை வந்த 4ஐ வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். குடல் மாறும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு: பாலும் தேனும் முழுதாகத் திரும்பட்டும். ரொட்டி இரண்டு துண்டு. பருப்பு கால் கப். வெங்காயம் இல்லை, பூண்டு அரைப் பல்லுக்குள். ஆனால் ரொட்டியும் பருப்பும் பூண்டும் ஒரே வேளையில் சேர்ந்தால் தனித்தனியாக ஒத்துக்கொண்டவை கூட்டாக உங்களைத் தாண்டிவிடலாம். வேளைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். டயட்டீஷியன் சந்திப்பை ரத்து செய்யாதீர்கள், அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தேவி_சிப்புட் · 18 ஆகஸ்ட், இரவு 9.20

சந்திப்பு தள்ளிப்போய் இப்போது செப்டம்பரில். நோட்டைக் கொண்டுபோகிறேன். இன்று காலை ஆபீஸ் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தேன், மதியம் பருப்பு கால் கப், ரொட்டி இல்லை. இப்போது எண் 2. நாளை அத்தை பூண்டு ரசம் வைக்கிறேன் என்கிறார். அரைப் பல்லை எனக்குத் தனியாகத் தட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன், ஆனால் ரசத்தில் பூண்டு கொதிக்கும், சாறு முழுக்க இறங்குமே. ஒரு சட்டிக்கு எத்தனை பல் போட்டால் என் ஒரு கிண்ணத்துக்கு அரைப் பல் கணக்கு வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

சரோஜா_தைப்பிங் · 18 ஆகஸ்ட், இரவு 9.45

சட்டியில் ஆறு கிண்ணம் ரசம் இருந்தால் மூன்று பல். வடிகட்டினாலும் கணக்கு அதேதான்.